மூடிய ஆண்டின் கணக்கில் பிழை: பழைய ஏட்டைத் தொடாமல் திருத்துவது எப்படி?

கேள்வி: "ஈத்தாமொழிப் பக்கம் ஒரு தும்பு ஆலைக்குக் கணக்கு எழுதுகிறேன். கூட்டாண்மை நிறுவனம். 2023-24இல் வாங்கிய பழைய தும்பு பிரிக்கும் எந்திரத்தின் விலை, லாரி வாடகை, பொருத்துக்கூலி உட்பட 4,80,000 ரூபாயை எந்திரப் பழுதுச் செலவில் எழுதிவிட்டேன். தணிக்கை முடிந்து வருமான வரி அறிக்கையும் தாக்கலாகிவிட்டது. இப்போது, 2025 ஜூனில், 2024-25 கணக்கை முடிக்கும்போதுதான் கவனித்தேன். டேலியில் பழைய ஆண்டுக்குப் போய் அந்தப் பதிவை மாற்றிவிடலாமா? மூன்று கூட்டாளிகள் சம பங்கில் இருந்தார்கள். அதில் ஒருவர் 31-3-2024 அன்று விலகிவிட்டார்."

பதில்:

மாற்றக் கூடாது. டேலியில் Alt+F2 அழுத்திக் காலத்தை 2023-24க்குக் கொண்டுபோய், பழுதுச் செலவு என்று இருப்பதை எந்திரக் கணக்கு என்று திருத்துவது ஒரு நிமிட வேலைதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில், கூட்டாளிகளும் தணிக்கையாளரும் கையெழுத்திட்ட இருப்புநிலைக் குறிப்புக்கும் உங்கள் கணினியில் உள்ள கணக்குக்கும் தொடர்பு அற்றுப்போகும். கையெழுத்தான தாளில் 31-3-2024 அன்று கூட்டாளிகளின் மூலதனம் ஒரு தொகையாக இருக்கும். 1-4-2024 அன்று டேலி காட்டும் தொடக்க இருப்பு வேறொன்றாக இருக்கும். கடற்கரைப் பக்கத்து ஐஸ் ஆலை ஒன்றின் கணக்கை நான் கையில் எடுத்தபோது இதே நிலைதான் இருந்தது. முன்பு எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் பழைய பதிவைத் திருத்தியிருந்தார். வங்கியில் கடன் வரம்பைப் புதுப்பிக்கக் கொடுத்த இரண்டு ஆண்டு அறிக்கைகளும் ஒன்றோடொன்று பொருந்தாததால், அந்த வேறுபாட்டை விளக்குவதற்கே மூன்று வாரம் ஆனது. ஆகவே முதல் வேலையாக, தணிக்கையான 2023-24 தாளை எடுத்து, ஒவ்வொரு கணக்கின் இறுதி இருப்பையும் உங்கள் டேலியின் 1-4-2024 தொடக்க இருப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாம் பொருந்தினால், தரவை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத் தொடருங்கள்.

இந்தப் பிழை இத்தனை மாதம் கண்ணில் படாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. இது பள்ளிப் பாடத்தில் விதிப் பிழை என்று படித்த வகை. பற்று எழுத வேண்டிய தொகை பற்றிலேயே, சரியான அளவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சொத்துக்குப் பதிலாகச் செலவில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இருப்பாய்வு ஒரு பைசா பிசகாமல் பொருந்தும். இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிக்க இருப்பாய்வு உதவாது. பழுதுச் செலவை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு, திடீரென்று ஏறியிருந்தால் பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பது ஒன்றே வழி.

திருத்துவதற்கு முன் தொகையை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் 4,80,000 ரூபாயில் எந்திர விலை 4,35,000, லாரி வாடகை 18,000, அடித்தளம் போட்டுப் பொருத்தியது 27,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சொத்தைப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு அதன் விலையோடு சேரும் என்பதால் மூன்றும் எந்திரக் கணக்குக்கே உரியவை. அதே பற்றுச்சீட்டில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எந்திரத்துக்கு மாற்றிய பெல்ட்டின் விலையும் கலந்திருந்தால் அது பழுதாகவே இருக்கட்டும். திருத்தும் வேகத்தில் அதையும் சொத்தாக்கினால் ஒரு பிழை போய் இன்னொன்று வரும். ஜி.எஸ்.டி.யை நீங்கள் உள்ளீட்டு வரியாக எடுத்திருந்தால் அது இந்தத் தொகைக்குள் வரக் கூடாது. உள்ளீட்டு வரி எடுத்த தொகைக்குத் தேய்மானமும் கேட்க முடியாது. அந்த வரியை ஒழுங்காக எடுத்திருக்கும்வரை, ஜி.எஸ்.டி. பக்கம் திருத்த ஒன்றுமில்லை.

அடுத்தது தேய்மானம். எந்திரம் 2023 ஆகஸ்ட் 20 முதல் ஓடியது என்றால், அந்த ஆண்டில் 225 நாள் பயன்பட்டிருக்கிறது. 180 நாளுக்குக் குறையாததால் வருமான வரி விதிப்படி முழு 15 விழுக்காடு, அதாவது 72,000 ரூபாய் கிடைக்கும். அக்டோபர் 4ஆம் தேதிக்குப் பிறகு ஓடத் தொடங்கியிருந்தால் பாதிதான். அதனால் ஓடத் தொடங்கிய நாளுக்குச் சான்று வேண்டும்: லாரி ரசீது, பொருத்தியவரின் பில், அந்த மாதத்திலிருந்து ஏறிய மின்கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். புதிய எந்திரமாக இருந்தால் உற்பத்தி நிறுவனத்துக்குக் கூடுதலாக 20 விழுக்காடு தேய்மானம் கிடைத்திருக்கும். உங்களுடையது பிறர் பயன்படுத்திய எந்திரம் என்பதால் அது கிடையாது. உங்கள் நிறுவனம் ஏட்டிலும் இதே 15 விழுக்காட்டைத்தான் எழுதுகிறது என்று கொள்கிறேன்.

ஆகவே 2023-24இல் 4,80,000 செலவாக எழுதியதற்குப் பதிலாக 72,000 மட்டுமே எழுதியிருக்க வேண்டும். அந்த ஆண்டின் லாபம் 4,08,000 ரூபாய் குறைத்துக் காட்டப்பட்டிருக்கிறது. பிழையின் அளவு 4,80,000 என்று நினைத்து அந்தத் தொகையையே வரவில் எழுதிவிடுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சென்ற ஆண்டுத் தேய்மானத்தைக் கழிக்காமல் விட்டால் எந்திரத்தின் ஏட்டு மதிப்பு 72,000 ரூபாய் மிகையாக நின்றுவிடும்.

இப்போது பதிவுக்கு வருவோம். 2024-25 ஏடு இன்னும் திறந்திருப்பதால் திருத்தம் அதில்தான் வர வேண்டும். 1-4-2024 தேதியிட்டு ஒரு குறிப்பேட்டுப் பதிவு எழுதுங்கள்: எந்திரக் கணக்குக்கு 4,80,000 பற்று, அதன் தேய்மானத்துக்கு 72,000 வரவு, "முந்தைய ஆண்டு இனங்கள்" என்ற தனிக் கணக்குக்கு 4,08,000 வரவு. விளக்கக் குறிப்பில் 2023-24இன் எந்தச் சீட்டு, எந்தத் தேதி, எந்தக் கணக்கில் தவறாக எழுதப்பட்டது என்பதை முழுமையாக எழுதுங்கள். ஐந்து ஆண்டு கழித்து உங்கள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் குறிப்பைப் படித்தாலே போதும் என்ற அளவில் அது இருக்க வேண்டும். 1-4-2024 என்று தேதியிடச் சொல்வதற்குக் காரணம், அன்றிலிருந்து 4,08,000 மீது 2024-25க்கான முழு ஆண்டுத் தேய்மானம் 61,200 இயல்பாகவே கணக்கிடப்படும் என்பதுதான்.

அந்த 4,08,000ஐ நடப்பு ஆண்டின் விற்பனையோடும் இதர வருமானத்தோடும் கலக்காதீர்கள். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் கணக்கியல் தரநிலை 5, முந்தைய ஆண்டுப் பிழையால் இந்த ஆண்டில் எழும் வரவு செலவை லாப நட்டக் கணக்கில் தனியாக, நடப்பு லாபத்தின் மீது அதன் விளைவு தெரியும்படி காட்டச் சொல்கிறது. 2024-25 லாபத்தை முழுமையாகக் கணக்கிட்டு முடித்த பிறகு, அதற்குக் கீழே தனி வரியாகக் காட்டுவதையும் அது ஏற்கிறது. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த இரண்டாவது முறையை. காரணம், விலகிய கூட்டாளி.

தரநிலை 5 பிழையை எங்கே காட்ட வேண்டும் என்று சொல்கிறதே தவிர, அது எவருடைய லாபம் என்பதைத் தீர்த்து வைக்கவில்லை. பிழையான பதிவில், விலகியவர் அந்தச் செலவில் மூன்றில் ஒரு பங்காக 1,60,000 ரூபாயைச் சுமந்திருக்கிறார். நியாயமாக அவர் சுமக்க வேண்டியது 72,000 தேய்மானத்தில் மூன்றில் ஒரு பங்கான 24,000 மட்டுமே. மீதி 1,36,000 ரூபாய், அவர் போன பிறகும் ஆலையில் ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்துக்காக அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. இந்தத் திருத்தத்தை 2024-25இன் பொது லாபத்தில் கலந்துவிட்டால், அது இப்போதிருக்கும் இருவருக்கும் பாதிப் பாதியாகப் போய்விடும். ஏட்டில் எந்த முரண்பாடும் தெரியாது. ஆனால் ஒருவரின் பணம் மற்ற இருவருக்குப் போயிருக்கும். கணக்கு எழுதுபவராக, இதைக் கூட்டாளிகளிடம் வாய்திறந்து சொல்லும் பொறுப்பு உங்களுக்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனாலும் அவருக்குப் பங்கு உண்டு என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். விலகல் பத்திரத்தை எடுத்து இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, 31-3-2024 இருப்புநிலைப்படி கொடுத்த தொகையே முழு இறுதித் தீர்வு, பின்னால் எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகம் இருக்கிறதா என்பது. அது இருந்து, விலகியவரும் பிழை தெரிந்த பிறகும் அதையே ஏற்றால், தொகை மற்ற இருவருக்கு. பிழை தெரியாத நிலையில் போட்ட கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்துமா என்ற தகராறு எழுந்தால் அது வழக்கறிஞர் பார்க்க வேண்டியது. கணக்கு எழுதுபவர் தீர்ப்பதற்கில்லை. இரண்டு, விலகும்போது சொத்துகளை மறுமதிப்பீடு செய்தார்களா என்பது. அன்று ஆலையைச் சுற்றிப் பார்த்து எல்லா எந்திரங்களுக்கும் விலை போட்டு அவர் பங்கைத் தீர்த்திருந்தால், இந்த எந்திரத்தின் மதிப்பும் அதற்குள் வந்திருக்கக்கூடும். அப்படியானால் அவருக்கு உரியது ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. மறுபடி கொடுத்தால் இரட்டிப்பாகும். மறுமதிப்பீட்டுப் பட்டியலில் அந்த எந்திரத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இந்தப் பங்கைக் கணக்கிட, முதலில் வரி எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

2023-24க்கான திருத்திய அறிக்கையைத் தாக்கல் செய்யும் காலம் 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வருமானம் குறைத்துக் காட்டப்பட்டிருப்பதால் உங்களுக்கு இருக்கும் வழி, 139(8ஏ) பிரிவின் கீழான புதுப்பித்த அறிக்கை. வரியைக் குறைப்பதற்கோ திரும்பப் பெறுவதற்கோ இந்த வழி பயன்படாது. உங்கள் பிழை எதிர்த்திசையில் இருந்திருந்தால், அதாவது செலவை மறந்து வரியை அதிகம் கட்டியிருந்தால், இந்தக் கதவு உங்களுக்குத் திறந்திராது. அந்த ஆண்டின் மீது வரித்துறை விசாரணை தொடங்கியிருந்தாலும் இதைத் தாக்கல் செய்ய முடியாது. ஆகவே தாமதிக்காதீர்கள்.

கூட்டாண்மை நிறுவனத்துக்கு வரி 30 விழுக்காடு, அதன் மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வை, ஆக 31.2 விழுக்காடு. 4,08,000க்கு 1,27,296 ரூபாய். முன்கூட்டிய வரி குறைந்ததற்கு 234பி பிரிவின் வட்டி, 2024 ஏப்ரல் முதல் 2025 ஜூன் வரை 15 மாதத்துக்கு மாதம் 1 விழுக்காடு வீதம் 19,080 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். தவணை தவறியதற்கான வட்டி சேர்ந்தால் இது சற்று ஏறும். வரியும் வட்டியும் சேர்ந்த 1,46,376 மீது 25 விழுக்காடு கூடுதல் வரி 36,594. மொத்தம் 1,82,970 ரூபாய். இதைக் கட்டிய பிறகே அறிக்கையைத் தாக்கல் செய்ய முடியும். 25 விழுக்காடு என்ற அளவு 2026 மார்ச் 31 வரைக்கும்தான். அதற்கடுத்த ஆண்டில் அது 50 ஆகும், பிறகு 60, 70 என்று ஏறும்.

இந்த அறிக்கையைத் தயாரிக்கும்போதும் தணிக்கையான லாப நட்டக் கணக்கின் எண்களைத் தொட வேண்டாம். அவற்றை அப்படியே இட்டு, வருமானக் கணக்கீட்டில் 4,80,000ஐ "லாப நட்டக் கணக்கில் எழுதிய மூலதனச் செலவு" என்று கூட்டிச் சேருங்கள். தேய்மான அட்டவணையில் அதே தொகையை அந்த ஆண்டில் சேர்ந்த எந்திரமாகக் காட்டி 72,000ஐக் கழியுங்கள். அறிக்கையில் ஏடு கையெழுத்தானபடியே இருக்கும், வருமானம் மட்டும் சரியாகும்.

"4,08,000ஐ 2024-25 வருமானத்திலேயே காட்டி, அதற்கு இந்த ஆண்டு வரி கட்டிவிட்டால் அரசுக்கு நட்டமில்லையே, கூடுதல் வரி 36,594ம் மிச்சமாகுமே" என்று உங்கள் கூட்டாளிகள் கேட்பார்கள். பெரும்பாலும் எல்லாருமே கேட்கிறார்கள். தவறான கழிவு எடுக்கப்பட்டது 2023-24இல். அந்த ஆண்டின் வருமானம் குறைந்தபடியே இருக்கும். துறை அதைக் கண்டால், குறைத்துக் காட்டிய வருமானத்தின் வரியில் 50 விழுக்காடு தண்டம் போடலாம், இந்த நேர்வில் 63,648 ரூபாய். தவறான தகவல் தந்ததாகக் கருதினால் 200 விழுக்காடு. நீங்கள் அடுத்த ஆண்டில் கட்டியது அந்த ஆண்டின் கணக்கில் தானாக ஈடாகாது.

இங்கேதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய மற்றொரு இடம் வருகிறது. ஏட்டில் 4,08,000 ரூபாய் 2024-25 லாப நட்டக் கணக்கின் அடியில் வரவாக நிற்கிறது. வரியோ 2023-24க்கு ஏற்கெனவே கட்டியாகிறது. 2024-25 வருமானக் கணக்கீட்டில் அந்தத் தொகையைக் கழிக்க மறந்தால், ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி கட்டுவீர்கள். தணிக்கையாளர் படிவம் 3சிடி-யின் 27(பி) பகுதியில் முந்தைய ஆண்டு வரவு செலவுகளைத் தெரிவிக்க வேண்டும். அங்கே 4,08,000 தோன்றுவதும், கணக்கீட்டில் அதே தொகை கழிக்கப்படுவதும் ஒன்றுக்கொன்று விளக்கமாக அமையும். புதுப்பித்த அறிக்கையை முதலில் தாக்கல் செய்துவிட்டு, அதன் பிறகு 2024-25 அறிக்கையைத் தாக்கல் செய்யுங்கள். அப்போதுதான் எந்திரத் தொகுப்பின் தொடக்க மதிப்பில் 4,08,000 சேர்ந்து, 61,200 தேய்மானத்தைக் கேட்க அடிப்படை இருக்கும்.

இனி விலகியவரின் பங்கு. பத்திரமும் மறுமதிப்பீடும் தடையாக இல்லை என்று கொண்டால், 4,08,000இலிருந்து வரி, வட்டி, கூடுதல் வரி மூன்றையும் கழித்த மீதி 2,25,030. மூவருக்கும் தலா 75,010 ரூபாய். "முந்தைய ஆண்டு இனங்கள்" கணக்கிலிருந்து 1,82,970ஐச் செலுத்த வேண்டிய வரிக்கு மாற்றுங்கள். மீதியிலிருந்து, இப்போதிருக்கும் இருவரின் மூலதனக் கணக்குகளுக்கு 75,010 வீதமும், விலகியவருக்குத் தர வேண்டிய கணக்குக்கு 75,010ம் வரவு எழுதுங்கள். வட்டியையும் கூடுதல் வரியையும் விலகியவர் சுமப்பது சரியா என்பதில் இருவேறு கருத்து வரும். பிழை நேர்ந்த ஆண்டில் மூவரும் கூட்டாளிகள் என்பதால் மூவரும் சுமப்பதே சரி என்று நான் கருதுகிறேன். இருக்கும் இருவரே அதை ஏற்க முன்வந்தால், வரியை மட்டும் கழித்து அவருக்கு 93,568 ரூபாய் வரும். எதுவானாலும் மூவரும் கையெழுத்திட்ட ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனம் வரி கட்டிய லாபத்தில் வரும் பங்குக்குக் கூட்டாளியின் கையில் மீண்டும் வரி இல்லை, ஆகவே மூவரின் தனி அறிக்கைகளையும் திருத்த வேண்டியதில்லை.

விலகியவரிடம் சொல்லாமலே முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர்களிடம் 188ஏ பிரிவைச் சொல்லுங்கள். ஒரு நிறுவனத்தின் வரிக்கு அந்த ஆண்டில் கூட்டாளியாக இருந்த ஒவ்வொருவரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. 2023-24க்கான பாக்கி வசூலாகாவிட்டால் துறை அவரிடமும் போகலாம். பாக்கியில் பொறுப்பு உள்ளவருக்கு, அந்தப் பாக்கி எதனால் வந்தது என்பதை அறியும் உரிமையும் உண்டு.

நிறுவனம் கூட்டாண்மையாக இல்லாமல் கம்பெனியாக இருந்திருந்தால் வேறு விதிகள் குறுக்கிடும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தின் தடத்தையும் பதிந்து வைக்க வேண்டும் என்பதால், பழைய பதிவைத் திருத்தியது தணிக்கையில் வெளிப்படும். ஒப்பமிட்ட அறிக்கையையே மாற்ற வேண்டுமானால் கம்பெனிகள் சட்டத்தின் 131ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தின் அனுமதி தேவை; அதுவும் முந்தைய மூன்று நிதியாண்டுகளுக்குள் மட்டும். இந்தியக் கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றும் பெரிய கம்பெனிகள் தரநிலை 8இன்படி, இந்த ஆண்டு அறிக்கையில் ஒப்பீட்டுக்காகக் காட்டும் சென்ற ஆண்டு எண்களையே திருத்திக் காட்ட வேண்டும். உங்களுக்கு இவை எதுவும் பொருந்தாது.

பதிவுகளை எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். டேலியில் காலத்தை மீண்டும் 2023-24க்கு மாற்றி, லாபமும் கூட்டாளிகளின் மூலதனமும் தணிக்கைத் தாளில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு 31-3-2025 தேதியில் அந்த எந்திரத்தின் மதிப்பைப் பாருங்கள். 4,80,000இலிருந்து 72,000ம் 61,200ம் கழிந்து 3,46,800 நிற்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால், பழைய தேதியில் யாரும் பதிவு எழுத முடியாதபடி பயனர் அனுமதியில் தடை போட்டுவிட்டு, திருத்தப் பதிவின் அச்சுப் பிரதியோடு எந்திர பில், லாரி ரசீது, விலகல் பத்திரத்தின் நகல் ஆகியவற்றைச் சேர்த்துத் தணிக்கையாளரிடம் கொடுங்கள்.